தைராய்டு இருந்தால் கொழுப்பு குறையாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைப்பதற்கு உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். என்னிடம் வருகிற பெண்களில் பலர் உட்காரும்போதே கைப்பையிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வைக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் போகும்போது எதைக் கேட்பது, எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

"எனக்குத் தைராய்டு அதிகமா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்போ குறைக்கத்தானே மாத்திரை?"

பெரும்பாலும் விஷயம் நேர் எதிர். தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் எல்லோருக்கும் இருக்கிற ஒரு சுரப்பி. அது டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இந்தச் சுரப்பியை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி. அது அனுப்புகிற ஹார்மோன்தான் தாளில் நீங்கள் பார்க்கிற டி.எஸ்.எச். தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக டி.எஸ்.எச். அனுப்பி விரட்டும். அதனால் டி.எஸ்.எச். அதிகம் என்றால், பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் குறைவு என்று பொருள்.

தாளில் எண் ஏறியிருப்பதைப் பார்த்து "தைராய்டு அதிகம்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். பல ஆய்வகங்களில் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4.5 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும். உங்கள் தாளில் உள்ள எல்லையையே பாருங்கள். கூடவே "ஃப்ரீ டி4" என்ற வரியையும் பாருங்கள். டி.எஸ்.எச். ஏறி, ஃப்ரீ டி4 இறங்கியிருந்தால் அது உறுதியான தைராய்டு குறைபாடு. இந்தப் பக்கத்தில் நான் அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

"அஞ்சு வருஷத்துல 16 கிலோ ஏறிட்டேன். இது முழுக்கத் தைராய்டுதானே?"

முழுக்க இல்லை. தைராய்டு குறைபாட்டால் நேரடியாக ஏறுகிற எடை பெரும்பாலோருக்கு 2 முதல் 5 கிலோவுக்குள்தான் இருக்கும். குறைபாடு மிகக் கடுமையாகவும் நீண்ட நாள் கவனிக்காமலும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடலாம். அந்த எடையிலும் பெரும்பங்கு கொழுப்பு இல்லை. அது உப்பும் நீரும்.

ஹார்மோன் குறையும்போது தோலுக்கு அடியில் நீரைப் பிடித்து வைக்கும் ஒரு வகைப் பிசுபிசுப்பான பொருள் சேர்கிறது. சிறுநீரகமும் உப்பையும் நீரையும் வழக்கம்போல் வெளியேற்றுவதில்லை. காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், மோதிரம் இறுக்கம், கன்னம் உப்பியது போன்ற தோற்றம், இதெல்லாம் அதனால் வருவது. உடல் ஓய்வில் செலவழிக்கிற ஆற்றலும் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் 16 கிலோ கொழுப்பு ஏறும் அளவுக்கு அது போதாது. மீதி எடைக்குக் காரணம் தேடினால் வேறு பலவும் கிடைக்கும்: பிரசவத்துக்குப் பிறகு தங்கிய எடை, நடை குறைந்த வேலை, தூக்கமின்மை, தட்டில் மெல்ல மெல்லக் கூடிய அளவு.

இதை நான் சொல்லும்போது சிலர் முகம் வாடிவிடும். "அப்போ என் தப்பா?" என்பார்கள். தப்பு, சரி என்ற பேச்சே இங்கே இல்லை. எந்தப் பகுதிக்கு மாத்திரை, எந்தப் பகுதிக்குச் சாப்பாடு என்று பிரித்துப் பார்த்தால்தான் இரண்டையும் சரி செய்ய முடியும்.

"மாத்திரை ஆரம்பிச்சதும் மூணு கிலோ குறைஞ்சுது. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. மாத்திரை வேலை செய்யலையா?"

மாத்திரை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்பதுதான் இதன் அர்த்தம். ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். துணிக்கடையில் கணக்கு எழுதுபவர், வயது 38, உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. டி.எஸ்.எச். 38, ஃப்ரீ டி4 குறைவு. டாக்டர் டி4 ஹார்மோனையே மாத்திரையாகத் தரும் தைராக்சின் எழுதினார். எட்டு வாரத்தில் எடை 75க்கு வந்தது. முக வீக்கம் வடிந்தது, மலச்சிக்கல் தீர்ந்தது, மத்தியானம் மேசையிலேயே தூங்கிவிடுகிற அசதி போனது. மூன்றாவது மாதம் டி.எஸ்.எச். 3.0. எடை 74.6. அதற்கடுத்த மாதம் 74.8.

அவர் உடைந்துபோய் வந்தார். நான் காட்டியது இதைத்தான்: போன மூன்று கிலோவும் பெரும்பாலும் நீர். அது முதல் இரண்டு மாதத்தில் போய்விடும், திரும்பத் திரும்பப் போக அதற்குமேல் நீர் இல்லை. இப்போது டி.எஸ்.எச். இயல்பில் இருப்பதால் அவர் உடல், தைராய்டு பிரச்சினையே இல்லாத அதே வயதுக்காரர் உடலைப் போலத்தான் கிட்டத்தட்ட நடந்துகொள்ளும். அதுவே நல்ல செய்தி. இனி சாப்பாட்டில் செய்கிற மாற்றத்துக்கு உடல் பதில் சொல்லும்.

"அப்படின்னா அந்த அக்கா அப்புறம் எப்படிக் குறைச்சாங்க? எத்தனை மாசத்துல?"

வீட்டில் நான்கு பேர், மாதம் 5 லிட்டர் எண்ணெய். அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கும் மேல். அதை மூன்று லிட்டருக்குக் கொண்டுவந்தார். அதிலேயே அவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 140 கலோரி குறைந்தது. மூன்று வேளை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருந்ததை ஒன்றாக்கினார், அதில் 60. கடையில் மாலை நேரத்துக்கு வாங்கும் இரண்டு வடைக்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சுண்டல், அதில் ஏறக்குறைய 100. சோற்றை அறவே நிறுத்தவில்லை. மொத்தம் நாளுக்கு 300 கலோரி.

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 300 என்றால் மாதம் 9,000, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கணக்குப்படி ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைய வேண்டும். அவருக்குக் குறைந்தது ஐந்தரை. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும், நடுவில் தீபாவளியும் ஒரு கல்யாணமும் வந்தன. இந்த இடைவெளி தைராய்டு பிரச்சினை இல்லாதவர்களுக்கும் இருப்பதுதான். 78லிருந்து 69க்கு அவர் வர பத்து மாதம் ஆனது. மாத்திரை சரியாகப் போய்க்கொண்டிருக்கிற ஒருவர் எதிர்பார்க்க வேண்டிய வேகம் இது: மாதம் ஒரு கிலோ, சில மாதம் இரண்டு, சில மாதம் பூஜ்யம்.

டி.எஸ்.எச். இன்னும் 20, 30 என்று இருப்பவர்கள் இந்த வேகத்தை இப்போதே எதிர்பார்க்கக் கூடாது. அந்த நிலையில் அசதியும் தசைவலியும் இருக்கும்போது கடுமையான உடற்பயிற்சியைத் தொடங்கினால் வலிதான் மிஞ்சும். முதல் இரண்டு மாதம் மெதுவான நடையும் ஒழுங்கான சாப்பாடும் போதும்.

"டி.எஸ்.எச். நார்மல்தான். டோஸை நானே கொஞ்சம் கூட்டிக்கிட்டா சீக்கிரம் குறையுமா?"

தயவுசெய்து வேண்டாம். நார்மலுக்கு மேல் ஹார்மோனை ஏற்றினால் எடை கொஞ்சம் குறையலாம், ஆனால் அதில் தசையும் சேர்ந்தே போகும். எலும்பு தேயும். இதயம் வேகமாகவும் ஒழுங்கு தப்பியும் துடிக்கும். ஒழுங்கற்ற அந்தத் துடிப்பு பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடியது. எடை குறைப்புக்காக இந்த மருந்தைத் தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துத் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜிம்மிலும் இணையத்திலும் விற்கிற சில "கொழுப்பு கரைக்கும்" கேப்சூல்களில் தைராய்டு ஹார்மோனே கலந்திருந்ததாகப் பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. லேபிளில் அது இருக்காது. அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டு நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்றால், அந்தப் பாட்டிலையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

"மூணு மாசமா தவறாம மாத்திரை போடறேன். ஆனாலும் டி.எஸ்.எச். இறங்கவே மாட்டேங்குது. ஏன்?"

நான் முதலில் கேட்கும் கேள்வி: காபி எப்போது? காலையில் எழுந்து மாத்திரையை விழுங்கி, அடுத்த அஞ்சாவது நிமிஷம் பில்டர் காபி குடித்தால் மாத்திரை குடலில் சரியாக ஏறாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி, டீ, சாப்பாடு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். முடியாதவர்கள், ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

அடுத்தது, இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். ரத்தசோகைக்கும் முட்டிவலிக்கும் இவற்றைச் சாப்பிடுகிற பெண்கள் நம்மிடம் ஏராளம். எல்லா மாத்திரையையும் ஒரே கையில் வைத்து விழுங்கிவிடுகிறார்கள். தைராக்சினுக்கும் இவற்றுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரை பாட்டில் அடுப்புக்கு மேல் அலமாரியில், வெக்கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடும் ஈரமும் அதன் வீரியத்தைக் குறைக்கும்.

இதையெல்லாம் சரி செய்த மறுவாரமே பரிசோதனைக்கு ஓட வேண்டாம். இந்த ஹார்மோன் உடலில் மெதுவாக ஏறி, மெதுவாக நிலைபெறும். டோஸ் மாறினாலோ பழக்கம் மாறினாலோ ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான எண் கிடைக்கும்.

"எனக்கு டி.எஸ்.எச். 6.2. டாக்டர் மாத்திரை வேண்டாம்னு சொல்லிட்டார். அவர் சரியாப் பார்க்கலையோ?"

உங்கள் ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால் அவர் சொன்னது நியாயமானதே. டி.எஸ்.எச். கொஞ்சம் மட்டும் ஏறி, ஹார்மோன் இயல்பாக இருக்கும் நிலை இது. பலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் தானாகவே இறங்கியிருக்கும். 10க்கு மேல் போனால் பொதுவாக மருந்தைப் பற்றி யோசிப்பார்கள். அதற்குக் கீழே என்றால் வயது, அறிகுறி, தைராய்டைத் தாக்கும் எதிரணுக்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்ற பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அதற்கு முயல்பவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்கள் இந்த எண்ணோடு காத்திருக்கக் கூடாது.

எடை விஷயத்தில் இங்கே ஒரு திருப்பம் உண்டு. அதிக எடையே டி.எஸ்.எச்.ஐக் கொஞ்சம் ஏற்றும். எடை குறைந்ததும் 6 என்பது 4க்கு இறங்குவதைப் பார்க்கலாம். அதாவது 6.2 உங்கள் எடைக்குக் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எடை அந்த 6.2க்குக் காரணமாக இருக்கலாம். இந்த அளவில் மாத்திரை எடுத்தால் எடை குறையும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

"முட்டைகோஸ், காலிபிளவர் சாப்பிடவே கூடாதாமே?"

சமைத்துச் சாப்பிடலாம். பொரியலாக, கூட்டாக, வாரத்தில் இரண்டு மூன்று முறை சாப்பிடுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது. பச்சையாக அரைத்துத் தினமும் பெரிய டம்ளரில் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். அயோடின் உப்பு போதும். அயோடின் சொட்டு மருந்து, கடற்பாசி மாத்திரை என்று சொந்தமாக ஏற்றிக்கொண்டால் தைராய்டு இன்னும் கெடலாம். சோயா சாப்பிடுகிறவர்கள் அதை மாத்திரை நேரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் சரி.

"ரெண்டு மாசம் 800 கலோரி டயட்ல இருந்தேன். அதுல தைராய்டு கெட்டுப்போச்சா? இப்போ எதுவும் குறையலை, முடியும் கொட்டுது."

சுரப்பி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் உடல் தன்னைச் சுருக்கிக்கொண்டிருக்கும். சாப்பாடு திடீரென்று மிகக் குறைந்தால் டி4ஐ டி3ஆக மாற்றுவதை உடல் குறைத்துக்கொள்ளும். செயல்படுகிற ஹார்மோன் டி3தான் என்பதால் குளிர், சோர்வு, உடல் செலவழிக்கிற ஆற்றல் குறைதல் எல்லாம் வரும். அந்தச் சமயம் எடுத்த தாளில் டி3 மட்டும் குறைவாகவும் டி.எஸ்.எச். இயல்பாகவும் இருக்கும். இதைப் பார்த்துத் தைராய்டு நோய் என்று நினைத்து மாத்திரை தேட வேண்டாம். சாப்பாடு ஒழுங்கானால் அதுவும் ஒழுங்காகும்.

முடி கொட்டுவதும் அப்படித்தான். கடுமையான டயட் தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது அடிக்கடி நடப்பது. ஆனாலும் தைராய்டு குறைபாடு, இரும்புச்சத்துக் குறைவு இரண்டிலும் முடி கொட்டும் என்பதால் டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"போன தடவை டி.எஸ்.எச். 7. இந்தத் தடவை 0.2. டோஸ் மாத்தவே இல்லை. லேப் தப்பா?"

லேபைக் குறை சொல்வதற்கு முன்னால், முடிக்காக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா என்று யோசியுங்கள். முடி, நகம் வளர விற்கிற மாத்திரைகளில் பயோட்டின் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். பல ஆய்வகங்கள் பயன்படுத்துகிற பரிசோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு வேதிப்பொருளாக இருக்கிறது. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். உடலில் ஒரு மாற்றமும் இருக்காது, தாளில் மட்டும் தைராய்டு அதிகமாகிவிட்டது போலத் தெரியும்.

இந்தப் பொய் எண்ணை நம்பி டோஸைக் குறைத்து, ஒரு மாதத்தில் மறுபடியும் வீங்கி வந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அளவு அதிகமென்றால் இன்னும் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தம் எடுப்பவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். பயோட்டினே எடுக்கவில்லை என்றால், காபி கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் படித்து உங்கள் பழக்கத்தில் எது மாறியது என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போவதுதான் வழி.

"எனக்குத் தைராய்டும் இருக்கு, பி.சி.ஓ.டி.யும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா குறையவே குறையாதுன்னு சொல்றாங்க."

குறையும். ஆனால் இரண்டும் வெவ்வேறு விதத்தில் தொல்லை தருபவை. தைராய்டைச் சரி செய்தால் அதன் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடும், மேலே சொன்ன துணிக்கடைப் பெண்ணுக்கு நடந்த மாதிரி. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்கிற பி.சி.ஓ.டி.யில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. உடல் அதிகமாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டும். பசி அதிகமாகும், இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேரும், கழுத்துப் பின்புறம் கருக்கும். மாத்திரை ஒன்றால் முடிகிற விஷயம் இல்லை இது. தினமும் நடை, வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி, ஒவ்வொரு வேளையும் பருப்போ முட்டையோ மீனோ தட்டில் இருப்பது, இவை தொடர்ந்து வேண்டும்.

எதிர்பார்ப்பை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். 80 கிலோ இருப்பவர் 55க்கு வந்தால்தான் மாதவிடாய் சரியாகும் என்று இல்லை. 5 முதல் 10 சதவீதம், அதாவது 4 முதல் 8 கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. மாதவிடாய் தவறுவது தைராய்டு குறைபாட்டிலும் நடக்கும் என்பதால், பி.சி.ஓ.டி. என்று முடிவு கட்டுமுன் டி.எஸ்.எச்.ஐயும் புரோலாக்டினையும் பார்ப்பது வழக்கம். உங்களுக்கு அவற்றைப் பார்க்காமலே ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"எனக்கு உல்டா. தைராய்டு அதிகமாகி இளைச்சிருந்தேன். மாத்திரை போட்டதும் ஏறுது. நிறுத்திடலாமா?"

நிறுத்தாதீர்கள். உங்களுக்கு ஹார்மோன் உண்மையிலேயே அதிகம். அந்த நாட்களில் எவ்வளவு சாப்பிட்டாலும் இளைத்தீர்கள், கூடவே தசையும் கரைந்தது. மருந்து வேலை செய்ததும் உடல் இழந்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. பசி மட்டும் பழைய அளவிலேயே கொஞ்ச நாள் நிற்கும். அந்த இரண்டு மூன்று மாதத்தில் தட்டின் அளவைக் கவனித்தால் தேவைக்கு மேல் ஏறாது. மருந்து அதிகமாகி இப்போது குறைபாட்டுப் பக்கம் போய்விட்டீர்களா என்பதையும் பரிசோதனை காட்டும்.

கார்பிமசோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்ச்சலோ, கடும் தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்த அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். அரிதாக இந்த மருந்து வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்.

"எல்லா ஹார்மோனையும் ஒரே பேக்கேஜ்ல டெஸ்ட் பண்ணிடலாமா?"

தேவையில்லை. எடைக்காக முதலில் டி.எஸ்.எச்.சும் சர்க்கரையும் போதும், மாதவிடாய் தவறினால் மேலே சொன்ன புரோலாக்டினும். கார்டிசால் போன்றவற்றைக் காரணமில்லாமல் பார்த்தால் நேரத்துக்கு நேரம் மாறுகிற எண் ஒன்று கிடைக்கும், பயம்தான் மிஞ்சும்.

ஆனால் உடல் சில அடையாளங்களைக் காட்டினால் கார்டிசாலை டாக்டர் முறையாகப் பரிசோதிக்க வேண்டும். முகம் வட்டமாகி, வயிறு பெருத்து, கை கால் மட்டும் மெலிவது. வயிற்றில் ஊதா நிறத்தில் விரல் அகலத்துக்குக் கோடுகள். லேசாகப் பட்டாலே கன்றிப்போவது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாதது. இப்படி வருபவர்களிடம் நான் கேட்பது, மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ மாதக்கணக்கில் எடுக்கிறீர்களா என்று. அதில் ஸ்டீராய்டு இருந்தால் இதே தோற்றம் வரும். அப்படியென்றாலும் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, உடல் சொந்தமாகக் கார்டிசால் சுரக்க மறந்திருக்கும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

"சரி, எப்போ டாக்டரைப் பார்க்கணும்? எப்போ அவசரம்?"

எடை ஏறுகிறது என்பது மட்டும் இருந்தால் அவசரமில்லை. அதோடு குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், குரல் கரகரப்பு, மாதவிடாயில் அதிகப் போக்கு, மந்தம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் இந்த வாரமே டி.எஸ்.எச். பாருங்கள். மூன்று மாதம் சாப்பாட்டை உண்மையாக எழுதி வைத்து, அளவைக் குறைத்தும் எடை அசையவே இல்லை என்றாலும் பார்க்கலாம். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டருக்கு அது மிகவும் உதவும். பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் முதலில் படபடப்பும் பிறகு சோர்வும் வந்தால் அதைத் தாய்மையின் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு வீங்குவது அப்படித்தான் வரும்.

முயலாமலே எடை குறைவது, கழுத்தில் கட்டி தென்படுவது, விழுங்கச் சிரமம், ஓய்வில் இருக்கும்போதும் நாடி 100க்கு மேல் ஓடுவது, இதற்கெல்லாம் நாள் கடத்தக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. தைராய்டு குறைபாடு உள்ள வயதானவர் மாத்திரையை விட்டுவிட்டு, உடல் சில்லிட்டு, குழப்பமாகப் பேசி, எழுப்பினாலும் தூங்கிக்கொண்டே இருந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்போது 108ஐக் கூப்பிடுங்கள்.

"எடை குறைக்கிற டயட்ல இருக்கேன், தைராய்டு மாத்திரையும் போடறேன். நேத்துதான் கர்ப்பம்னு தெரிஞ்சுது. இப்போ என்ன பண்றது?"

டயட்டை இன்றே நிறுத்துங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதல் மாதங்களில் குழந்தை தன் மூளை வளர்ச்சிக்கு உங்கள் தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. கர்ப்பத்தில் தேவை கூடும் என்பதால் பெரும்பாலும் டோஸை உடனே ஏற்றுவார்கள். அடுத்த மாத அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், டி.எஸ்.எச். எப்போது பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். கர்ப்பகால மாத்திரையில் இரும்பும் கால்சியமும் இருக்கும், ஆகவே நான்கு மணி நேர இடைவெளியை மறக்காதீர்கள். எடையைப் பற்றிப் பிரசவத்துக்குப் பிறகு, பரிசோதனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.